பெரியப்பாவை ஆங்கிலத்தில் எப்படி எழுதுவது?



நேர்முகத் தேர்வு ஒன்றை வேறு நாளுக்கு மாற்றித் தரும்படி கேட்டு எழுதிய ஒரு மின்னஞ்சலைப் பற்றியது இப்பதிவு. தமிழ்ப்பள்ளி ஆசிரியைக்கு இதில் என்ன வேலை என்று சிலர் எண்ணக்கூடும். அந்த மின்னஞ்சலின் முதல் வரைவில் இருந்த பிழைகளுள் பாதி நான் கற்றுக் கொடுத்தவை. ஆகவே எழுதுகிறேன்.

என் முன்னாள் மாணவி ஒருத்தி கிள்ளானைச் சேர்ந்தவள். கணினித் துறையில் பட்டம் பெற்றுப் பிரிக்பீல்ட்ஸில் ஓர் அறையை வாடகைக்கு எடுத்துத் தங்கியிருந்தாள். மென்பொருள் நிறுவனம் ஒன்றின் முதல் சுற்றில் தேறி, தொழில்நுட்பச் சுற்றுக்கு அழைக்கப்பட்டிருந்தாள். வியாழக்கிழமை நண்பகல் 12 மணி, காணொலிவழிச் சந்திப்பு, ஒன்றரை மணி நேரம். எதிரில் அமர்ந்து கேள்வி கேட்கப் போகும் இரு பொறியாளர்களும் பெங்களூரில் இருப்பவர்கள். அவர்களுக்கு அப்பொழுது காலை 9.30.

புதன்கிழமை இரவு பதினொன்றரை மணிக்குப் பெரியம்மாவிடமிருந்து அழைப்பு வந்தது. பெரியப்பாவுக்குப் பேச்சுக் குழறுகிறது, வலக்கை தூக்க வரவில்லை. பக்கவாதம். வாடகைக் காரைப் பிடித்துக்கொண்டு முப்பது கிலோமீட்டருக்குச் சற்று மேலான தொலைவைக் கடந்து இவள் கிள்ளானை அடைவதற்குள் அவரை மருத்துவமனையின் அவசரப் பிரிவில் சேர்த்துவிட்டார்கள். இரவு முழுவதும் நடைகூடத்தில் அமர்ந்து கைப்பேசியில் மின்னஞ்சலை எழுதுவதும் அழிப்பதுமாக இருந்திருக்கிறாள். காலை ஆறு இருபதுக்கு, நான் பள்ளிக்குக் கிளம்பிக்கொண்டிருந்த வேளையில், புலனத்தில் அழைத்தாள்.

"டீச்சர், ஒன்று எழுதியிருக்கிறேன். சரியா என்று பாருங்கள்" என்றாள்.

ஆங்கிலத்தில் எழுதியிருந்தாலும் அதன் எலும்புக்கூடு நம்முடைய அதிகாரப்பூர்வக் கடிதம்தான். மேற்கண்ட விவரம் தொடர்பாக என்று தொடங்குகிறது. இரண்டாம் பத்திக்கு 2 என்றுகூட எண்ணிட்டிருந்தாள்! நம் நாட்டு அரசாங்கக் கடிதங்களின் மரபு அது. ஆறாம் ஆண்டில் நான் சொல்லிக் கொடுத்தது. பிறகு, அந்த நிறுவனத்தில் பணியாற்றும் வாய்ப்பைத் தான் எவ்வளவு பெரிதாக மதிக்கிறாள் என்று நான்கு வரி. பிறகு 'தவிர்க்க இயலாத சில குடும்பக் காரணங்களால்' என்னும் தொடர். பிறகு மூன்று மன்னிப்புகள். கடைசி வரிக்கு முந்திய வரியில்தான் வேறு நாள் கேட்கிறாள். எந்த நாள் என்பது எங்கும் இல்லை.

இம்மடலைப் பெறும் ஆள்சேர்ப்பு அதிகாரியின் இடத்தில் நம்மை வைத்துப் பார்ப்போம். தேர்வை நடத்துபவர் அவர் அல்லர். நடுவில் நின்று நேரங்களைப் பொருத்துபவர். அவருக்கு அன்று காலை மூன்று வேலைகள் உண்டு. பெங்களூரில் இருவரும் கணினிமுன் உட்காருவதற்குள் அவர்களை நிறுத்த வேண்டும். இருவருக்கும் ஒருசேர ஓய்வாக உள்ள இன்னொரு ஒன்றரை மணி நேரத்தைத் தேட வேண்டும். நிரல் எழுதும் தேர்வுக்காக அனுப்பிய இணைப்பின் கெடுவை நீட்டிக்க வேண்டும். இம்மூன்றையும் செய்ய அவருக்கு வேண்டியவை: யார், எந்தச் சுற்று, வர முடியாது என்னும் உறுதி, எப்பொழுது வர முடியும். இவள் மடலில் முதலிரண்டும் சிதறிக் கிடந்தன. மூன்றாவது மன்னிப்புகளுக்குள் புதைந்திருந்தது. நான்காவது இல்லவே இல்லை. நாள் குறிப்பிடாத மடலுக்கு "எப்பொழுது வசதிப்படும்?" என்றொரு மறுமடல் வரும். மருத்துவமனையில் இருப்பவள் அதை மாலையில்தான் பார்ப்பாள். அதற்குள் அடுத்த வாரத்து நேரங்களை வேறு விண்ணப்பதாரர்கள் பிடித்துக்கொள்வார்கள்.

இவையெல்லாம் திருத்தக்கூடிய பிழைகள். என்னைத் திடுக்கிட வைத்தது வேறொன்று. மடலில் 'என் தந்தை மருத்துவமனையில் இருக்கிறார்' என்று எழுதியிருந்தாள். அவளுடைய தந்தை அவளுக்கு ஆறு வயதாக இருக்கும்போதே காலமாகிவிட்டார். அதன்பின் வளர்த்துப் படிக்க வைத்தவர் பெரியப்பா.

ஏன் இப்படி எழுதினாய் என்றேன். "அங்கிள் என்று எழுதினால் அவசரமாகவே தெரியவில்லை, டீச்சர். யாரோ ஒரு மாமாவுக்காகத் தேர்வை விடுகிறாள் என்று நினைப்பார்கள்" என்றாள்.

அவள் சொன்னதில் உண்மை இருக்கிறது. பெரியப்பா, சித்தப்பா, தாய்மாமன், அத்தை கணவர், பக்கத்து வீட்டுக்காரர் என எல்லாரையும் ஆங்கிலம் ஒரே சொல்லில் போட்டுக் கட்டிவிடுகிறது. பெரியப்பா என்னும் சொல்லுக்குள் இருக்கும் அப்பாவைக் காணோம். அதை ஈடுகட்ட இவள் ஒரு பொய்யைப் பிடித்துக்கொண்டாள். ஆனால், வேலை கிடைத்துவிட்டால் குடும்ப விவரம் கேட்கும் படிவம் வரும். அதில் தந்தை காலமானார் என்று எழுத வேண்டியிருக்கும். உண்மையான ஓர் அவசரத்தையே பொய்யாக்கிக் காட்டும் சான்றினை அவளே கையொப்பமிட்டுக் கொடுத்ததாக ஆகும்.

இதற்கு வழி எளிது. உறவின் பெயர் போதாதபோது உறவின் செயலை எழுத வேண்டும். 'ஆறு வயதிலிருந்து என்னை வளர்த்த பெரியப்பா' என்று ஒரு தொடர். ஆங்கிலத்தில் அது 'அங்கிள்' என்னும் சொல்லோடு இன்னும் சில சொற்களைச் சேர்ப்பதுதான். படிப்பவருக்கு எல்லாம் விளங்கிவிடும். அதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. மருத்துவ அறிக்கையைப் படமெடுத்து இணைக்கவா என்றும் கேட்டாள். வேண்டாம் என்றேன். அது பெரியப்பாவின் அந்தரங்கம், யாரும் கேட்கவுமில்லை.

அடுத்து நாள். வெள்ளிக்கிழமை என்று எழுதலாம் என்றாள். வெள்ளிக்கிழமை பெரியம்மாவுடன் யார் இருப்பார் என்று கேட்டேன். பதில் இல்லை. பக்கவாதத்தின் முதல் சில நாள்கள் எப்படிப் போகும் என்று மருத்துவரே சொல்லத் தயங்குவார். ஒருமுறை நாளை மாற்றக் கேட்பதை எவரும் பொறுத்துக்கொள்வர். மாற்றிய நாளையும் மாற்றக் கேட்பது மிகக் கடினம். அண்ணன் ஜொகூரிலிருந்து சனிக்கிழமை வந்துவிடுவார் என்பதால் செவ்வாய் என்று முடிவு செய்தோம். நாளே குறிக்க முடியாத நிலையில் இருப்பவர்கள், 'திங்கள் நண்பகலுக்குள் நாளைத் தெரிவிக்கிறேன்' என்றாவது எழுதலாம். அதுவும் ஒரு நாள்தான்.

ஆறே முக்காலுக்கு அவள் அனுப்பிய மடலைத் தமிழில் தருகிறேன். புதிய மடலாக அன்றி, தேர்வுக்கு அழைத்து வந்த மடலுக்கே மறுமொழியாக அனுப்பச் சொன்னேன். பழைய விவரமெல்லாம் அதன் அடியிலேயே இருக்கும். தலைப்பு வரியில் மட்டும் 'இன்று 12 மணித் தொழில்நுட்பச் சுற்று: வேறு நாள் வேண்டுதல்' என்று மாற்றி, தன் பெயரையும் பதவியின் பெயரையும் சேர்த்தாள்.

"வணக்கம். இன்று நண்பகல் 12 மணித் தொழில்நுட்பச் சுற்றில் என்னால் கலந்துகொள்ள இயலாது. ஆறு வயதிலிருந்து என்னை வளர்த்த பெரியப்பா நேற்றிரவு பக்கவாதத்தால் கிள்ளானில் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டுள்ளார். நான் அவருடன் இருக்கிறேன். வரும் செவ்வாய் முழு நாளும், புதன் பிற்பகல் 2 மணிக்குப் பிறகும், மலேசிய நேரப்படி, எனக்கு இயலும். தேர்வு இணைப்பை நான் இன்னும் திறக்கவில்லை. இன்று அழைப்புகளை எடுக்க முடியாமல் போகலாம், குறுஞ்செய்தியைப் பார்ப்பேன். இவ்வளவு தாமதமாகத் தெரிவிப்பதற்கு வருந்துகிறேன்; பொறியாளர்கள் இருவரிடமும் இதைத் தெரிவிக்க வேண்டுகிறேன்."

'மலேசிய நேரப்படி' என்பது சும்மா சேர்த்ததன்று. இந்திய நேரம் நம்மைவிட இரண்டரை மணி பின்தங்கியது. 2 மணி என்று மட்டும் எழுதினால் பெங்களூர்க்காரர் தம் 2 மணியை எடுத்துக்கொள்ள, இவள் இங்கே இரண்டரை மணி நேரம் காத்திருக்க நேரும். தேர்வு இணைப்பைப் பற்றிய வரியும் அப்படித்தான். இவ்வகை இணைப்புகள் பலவற்றில், உள்ளே நுழைந்து தொடங்கிவிட்டால் கடிகாரம் ஓடத் தொடங்கிவிடும். திரும்ப நிறுத்த இயலாது. இரவில் பதற்றத்தில் 'என்னதான் கேட்டிருக்கிறார்கள் பார்ப்போம்' என்று திறந்திருந்தால் கேள்விகளை முன்கூட்டியே பார்த்தவளாகியிருப்பாள். அவள் திறக்காதது நல்ல வேளை.

இன்னொன்றும் சொன்னேன். நாட்காட்டி அழைப்பில் உள்ள மறுப்புப் பொத்தானை மடலுக்கு முன்னால் அழுத்திவிடாதே. காரணமில்லாத மறுப்பு மட்டும் முதலில் போய்ச் சேர்ந்தால், இவளுக்கு வேலையில் விருப்பமில்லை என்று கொள்ள இடமுண்டு. ஒன்பது மணிக்கு அலுவலகம் திறந்ததும், மடல் அனுப்பியிருப்பதாக ஒரே வரிக் குறுஞ்செய்தியையும் அனுப்பினாள். படிக்கப்படாத மடல் எழுதப்படாத மடலுக்குச் சமம் அல்லவா!

மறுக்கும் உரிமை நிறுவனத்துக்கு இருந்தது என்பதையும் பெற்றோர்கள் அறிய வேண்டும். 1955-ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டம் சொல்லும் விடுப்புகள் வேலையில் இருப்பவர்களுக்கு உரியவை; விண்ணப்பதாரருக்கு அல்ல. எல்லாம் அந்த அதிகாரியின் மனத்தைப் பொறுத்தது. பத்து மணிக்கு முன்பே, பெரியப்பா நலம் பெற வேண்டுகிறோம் என்னும் வரியுடன் செவ்வாய் பிற்பகல் 3 மணி என்று பதில் வந்தது.

தேர்வு நடந்தது. வேலை கிடைக்கவில்லை. ஒரு கேள்வியில் தடுமாறிவிட்டதாகச் சொன்னாள். அதற்குக் காரணம் மடலன்று, நிரல்தான். பெரியப்பா இப்பொழுது கைத்தடியுடன் வாசல்வரை நடக்கிறார்.

யு.பி.எஸ்.ஆர். தேர்வு 2021-இல் ஒழிக்கப்பட்டுவிட்டது. ஆனால் அதற்காக நாம் மனனம் செய்ய வைத்த கடித அமைப்பு இன்னும் எங்கள் வகுப்பறையில் இருக்கிறது. முகவரிக்குக் கோடு, பத்திக்கு எண், இறுதியில் 'இக்கண்'. அமைப்பில் குறையில்லை. காரணத்தை எழுதும் இடத்தில் 'தவிர்க்க இயலாத காரணங்கள்' என்று நிரப்பப் பழக்கியதில்தான் குறை. வீட்டிலிருந்து வரும் விடுப்புக் கடிதங்களும் இதற்குத் துணை. என் வகுப்பில் ஒரு மாணவனின் பாட்டி ஒரே ஆண்டில் மூன்று முறை இறந்திருக்கிறார். கடிதத்தில் கையொப்பமிட்டவர் அப்பா. பிள்ளை அதைப் பார்த்துக்கொண்டுதான் நிற்கிறான்.

சென்ற வாரம் ஆறாம் ஆண்டு மாணவர்களுக்கு ஒரு பயிற்சி கொடுத்தேன். புறப்பாட நடவடிக்கைக்கு வர முடியாததை ஐந்து வரிகளில் ஆசிரியருக்குத் தெரிவிக்க வேண்டும். மாற்று நாளும் சொல்ல வேண்டும். ஒரு பையன் 'மாமாவுக்கு உடம்பு சரியில்லை' என்று எழுதியிருந்தான். எந்த மாமா என்றேன். "அம்மாவோட தம்பி, டீச்சர். அவர்தான் தினமும் என்னை மோட்டார் சைக்கிளில் கொண்டுவந்து விடுவார்" என்றான்.

அதையே எழுதச் சொன்னேன். எழுதிக்கொண்டிருக்கிறான்.