ஃப்ரிட்ஜை மட்டுமல்ல, அதிலுள்ள ஸ்டிக்கரையும் படம் எடுங்க!

2015 டிசம்பரிலும், 2023 மிக்ஜாம் புயலின்போதும் சென்னையில் ஏராளமான தரைத்தள வீடுகளுக்குள் வெள்ளம் புகுந்தது. இதுபோன்ற இழப்புக்கு வீட்டுக் காப்பீட்டில் பணம் கேட்டால், நிறுவனம் அனுப்பும் சர்வேயர் கேட்பது இதைத்தான்: ‘என்னென்ன போச்சு? எந்த மாடல்? எப்போ, எவ்வளவுக்கு வாங்கினீங்க?’ சேறு படிந்த வீட்டில் நின்றுகொண்டு இதற்கெல்லாம் பதில் சொல்வது கஷ்டம். பட்டியல் முன்கூட்டியே தயாராக இருக்க வேண்டும்.

அதற்கு செல்போன் கேமரா போதும். ஆனால் பலரும் செய்யும் தவறு, பொருளை மட்டும் படம் எடுப்பது. ஒரு ஃப்ரிட்ஜுக்கு மூன்று படங்கள் தேவை. முதலாவது, அது உங்கள் வீட்டில்தான் இருக்கிறது என்று காட்டும்படி, அறையோடு சேர்த்து ஒரு படம். இரண்டாவது, மாடல் எண்ணும் சீரியல் எண்ணும் அச்சிட்ட ஸ்டிக்கர். ஃப்ரிட்ஜில் பெரும்பாலும் உட்பக்கச் சுவரில் இருக்கும். டிவியில் பின்பக்கம் பாருங்க. மூன்றாவது, பில்.

வெறும் ‘டபுள் டோர் ஃப்ரிட்ஜ்’ என்றால் அது எந்த விலையிலும் இருக்கலாம். மாடல் எண் இருந்தால், அதற்கு இணையான ஃப்ரிட்ஜ் இன்று என்ன விலை என்று சர்வேயரே பார்த்துவிடலாம். பேச்சுக்கே இடமில்லை.

கடையில் தரும் வழவழப்பான பில்லில் எழுத்து சில வருடங்களில் மங்கிவிடும். வாங்கிய அன்றே படம் எடுத்துடுங்க. பில் தொலைந்துவிட்டதா? வாங்கிய கடையில் உங்கள் மொபைல் எண்ணைச் சொல்லி நகல் கேட்கலாம். கார்டில் பணம் கட்டியிருந்தால் வங்கி ஸ்டேட்மென்ட் உதவும்.

படங்கள் போனில் மட்டும் இருந்தால், போனும் நனைந்தால் எல்லாம் போச்சு. உங்களுக்கே மின்னஞ்சல் அனுப்பி வையுங்க. வெளியூரில் உள்ள அக்காவுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புவதானால் ‘டாக்குமென்ட்’ ஆக அனுப்புங்க. சாதாரணமாக அனுப்பினால் படத்தின் தரம் குறையும், எடுத்த தேதி விவரமும் போய்விடும்.

2021 ஏப்ரலில் வந்த ‘பாரத் கிருஹ ரக்ஷா’ பாலிசியில், கட்டடத்துக்கு எடுத்த தொகையில் 20 சதவீதம் வரை, அதிகபட்சம் 10 லட்சம் ரூபாய்க்கு, வீட்டுப் பொருட்களுக்கும் பாதுகாப்பு தானாகவே உண்டு. கட்டடத்துக்கு 30 லட்சம் என்றால் பொருட்களுக்கு 6 லட்சம். பட்டியலின் கூட்டுத்தொகை அதைத் தாண்டினால், பாலிசி எடுக்கும்போதே விவரம் கொடுத்து தொகையைக் கூட்ட வேண்டும். நகைகள் இதில் சேராது. அவற்றைத் தனியாகச் சேர்க்கணும். வாடகை வீட்டுக்காரர்கள் பொருட்களுக்கு மட்டும் பாலிசி எடுக்கலாம். அவர்களுக்குத் தொகையை முடிவு செய்யவே இந்தப் பட்டியல்தான் வழி.

இன்னொன்று: வெள்ளம் வடிந்ததும் பழுதான பொருளைக் குப்பையில் போட்டுவிடாதீங்க. சுவரில் தண்ணீர் நின்ற கோட்டோடு சேர்த்துப் படம் எடுத்து, சர்வேயர் பார்க்கும்வரை வைத்திருங்க. பழைய படமும் புதிய படமும் ஒரே சீரியல் எண்ணைக் காட்டினால், அதைவிட வலுவான சாட்சி வேறில்லை.