ஐந்தரைக்கு ஜிம், ஐந்து மணிக்கு ரோல்ஸ்: இது சரிவராது

நேற்றுப் பின்னேரம் ஜிம்மில் ஒரு தம்பி பாதியிலேயே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். முகம் வெளிறி, நெற்றியில் குளிர் வியர்வை, கை நடுக்கம். "பகலைக்கு என்ன சாப்பிட்டீங்க தம்பி?" என்று கேட்டேன். வேலை கூடவாம். பன்னிரண்டரைக்கு அரைப் பார்சல் சோறு, அதற்குப் பிறகு ஒரு பிளேன்டீ மட்டும். ஜிம்முக்கு வந்ததோ ஐந்தரைக்கு. ஐந்து மணித்தியாலம்!

நான் அவரைக் குறை சொல்ல மாட்டேன். நானும் அதே கட்சிதான். எட்டுப் பாடவேளையும் நின்று கத்திவிட்டு, பிள்ளைகளின் கொப்பிகளுக்கு நடுவே நாலு வாய் சோறு. பின்னேரம் பசி தாங்காமல் ஜிம்முக்குப் போகும் வழியில் ஹோட்டலில் இரண்டு ரோல்ஸ், சீனி போட்ட பால் தேநீர். ஐந்து மணிக்குச் சாப்பிட்டு, ஐந்தரைக்குப் பாரம் தூக்கிக் குனிந்தால் ரோல்ஸ் தொண்டைக்கு வரும். உடற்பயிற்சி எனக்கு ஒத்துவராது என்றே பல நாள் நினைத்திருந்தேன். ஒத்துவராதது ரோல்ஸ்தான்.

காரணம் எளிது. எண்ணெயும் கொழுப்பும் சிறுகுடலுக்குப் போய்ச் சேர்ந்ததும், "மெதுவாக அனுப்பு" என்று இரைப்பைக்குத் தகவல் போகிறது. அதனால் பொரித்த சாமான் வயிற்றில் மணிக்கணக்காகக் கிடக்கும். உடற்பயிற்சி தொடங்கியதும் இரத்தம் தசைகளுக்குத் திரும்பிவிடுவதால் சமிபாடு இன்னும் மந்தமாகிறது. பெட்டிஸ், வடை, கட்லட் எல்லாம் இந்தக் கணக்குத்தான். அவித்த கடலை நல்ல சாமான்தான், நான் மறுக்கவில்லை. ஆனால் நாரும் வாயுவும் கூட என்பதால் அதை உடற்பயிற்சி முடிந்த பிறகு சாப்பிடுங்கள்.

அந்த நேரத்துக்கு வேண்டியது சத்து நிறைந்த சாப்பாடு அல்ல, சீக்கிரம் வயிற்றைவிட்டுப் போகும் சாப்பாடு. அதாவது காபோவைதரேற்று கூடியது, எண்ணெய் குறைந்தது, அளவில் சிறியது. முக்கால் மணித்தியால உடற்பயிற்சிக்கு 25 முதல் 40 கிராம் வரை காபோவைதரேற்று தாராளம். நடுத்தர வாழைப்பழம் ஒன்றில் ஏறக்குறைய 25 கிராம் இருக்கிறது. கோளிக்குட்டு சின்னதென்றால் இரண்டு. பழம் பிடிக்காதவர்களுக்கு இரண்டு துண்டு பாணில் மெல்லிசாக ஜாம், மாஜரின் வேண்டாம். றமழானில் வாங்கி மிஞ்சிய பேரீச்சம்பழம் வீட்டில் கிடந்தால் மூன்று நாலு போதும், பையில் போட்டுக்கொண்டு போகவும் வசதி.

நான் இப்போது செய்வது இதுதான். நாலரைக்கும் நாலே முக்காலுக்கும் இடையில் ஒரு வாழைப்பழம், இரண்டு பேரீச்சம்பழம், ஒரு பெரிய கோப்பைத் தண்ணீர். ஐந்தரைக்குத் தொடக்கம். பிந்திவிட்டால், பத்து நிமிடம்தான் இருக்கிறதென்றால், அரை வாழைப்பழம் மட்டும். தண்ணீரை மறக்காதீர்கள். நாள் முழுக்கப் பேசும் எங்களைப் போன்றவர்களுக்குப் பின்னேரத் தலையிடி தண்ணீர்க் குறைவாலும் வரலாம்.

அளவு சரியா என்று உடம்பே சொல்லும். ஏப்பத்தில் சாப்பிட்ட சாமானின் ருசி வந்தால், பிந்திச் சாப்பிட்டிருக்கிறீர்கள் அல்லது எண்ணெய் கூடிவிட்டது. அடுத்த நாள் அரை மணித்தியாலம் முந்துங்கள். இருபதாம் நிமிடத்திலேயே கால் சோர்ந்து கை நடுங்கினால் சாப்பிட்டது காணாது.

"வெறும் வயிற்றில் செய்தால்தான் கொழுப்புக் கரையும் சேர்" என்று ஒருவர் என்னிடம் வாதாடினார். அந்த ஒரு மணித்தியாலத்தில் கொழுப்பு கொஞ்சம் கூட எரிவது உண்மை. ஆனால் எடை குறைவது முழு நாளின் வரவு செலவில். வெறும் வயிற்றில் அரைகுறையாகச் செய்துவிட்டு, இரவு எட்டு மணிக்கு முழு கொத்தை முடிப்பவரும் அவரேதான். ஒரு வாழைப்பழம் சுமார் 100 கலோரி. அந்தக் கொத்து அதைப்போல் பல மடங்கு.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். மேலே சொன்ன அளவுகள் நீரிழிவு இல்லாதவர்களுக்கு. இன்சுலின் போடுகிறவர்கள், கிளிக்லசைட் போன்ற குளிசை எடுக்கிறவர்கள், தொடங்குமுன் சீனி பாருங்கள். 90க்குக் கீழே என்றால் முதலில் ஏதாவது சாப்பிட்டு, ஏறிய பிறகுதான் உடற்பயிற்சி. எவ்வளவு, எது என்பதை உங்கள் கிளினிக் டொக்டரிடம் கேளுங்கள், என்னிடம் கேட்க வேண்டாம். சாப்பிட்டும் மயக்கம் வருகிறவர்கள், நெஞ்சு இறுகுகிறவர்கள் வாழைப்பழத்தில் வைத்தியம் தேடாமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

அந்தத் தம்பிக்கு என் பையிலிருந்த பேரீச்சம்பழம் மூன்றைக் கொடுத்தேன். கால் மணித்தியாலத்தில் நிறம் திரும்பியது. பாரம் தூக்க விடவில்லை, வீட்டுக்கு அனுப்பிவிட்டோம். இன்று நாலரைக்கு வாழைப்பழத்தின் படம் ஒன்று வட்ஸ்அப்பில் அனுப்பியிருக்கிறார்.