வாய்வார்த்தைக்கும் சட்டம் உண்டு

பினாங்கு லிட்டில் இந்தியாவில், தேநீர்க் கடையொன்றில் இருவர் பேசிக்கொண்டார்கள். "ஜூலையிலிருந்து 200 ரிங்கிட் கூட்டித் தர்றேன், வேற கடைக்குப் போகாதேன்னாரு முதலாளி. நானும் போகலண்ணே. இப்ப, எழுத்துல இருக்கான்னு கேக்குறாரு."

"எழுத்து இல்லைன்னா ஒண்ணும் செய்ய முடியாது, தம்பி" என்றார் நண்பர்.

நண்பர் சொன்னது தவறு. மலேசியாவின் 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டம், வாய்மொழி உடன்பாட்டையும் வேலை ஒப்பந்தமாக ஏற்கிறது. ஆனால் 1950ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின்படி, பொருள் தெளிவில்லாத உடன்பாடு செல்லாது. "பார்த்துப் போட்டுத் தர்றேன்" என்பது நிற்காது. இங்கே தொகையும் மாதமும் தெளிவாக உள்ளன. வேறு கடைக்குப் போகாமல் தங்கியது, அந்த வாக்குக்கு ஊழியர் கொடுத்த ஈடு.

சிக்கல் நிரூபிப்பதில்தான். முதலாளி மறுத்தால், அவர் சொன்னதை உறுதிப்படுத்த ஏதாவது வேண்டும். "நீங்கள் சொன்னபடி ஜூலை முதல் 200 ரிங்கிட் கூடுதல்தானே?" என்று அன்றே வாட்ஸ்அப்பில் கேட்டிருந்தால், "ஆமாம்" என்ற பதிலே சான்றாகியிருக்கும். அருகிலிருந்து கேட்ட சக ஊழியரும் சாட்சிதான். ஜூலைச் சம்பளச் சீட்டில் தொகை கூடவில்லை என்றால் உடனே எழுதிக் கேட்க வேண்டும். மாதக்கணக்கில் பேசாமல் வாங்கிக்கொண்டால், ஒப்புக்கொண்டதாக முதலாளி வாதிடுவார். எழுதிக் கேட்டும் முதலாளி மசியாவிட்டால், தொழிலாளர் இலாகாவில் புகார் கொடுக்கலாம்.