நம் பங்கு எந்தக் கட்டத்தில்?

தாராவியில் மாலை வகுப்பு நடத்தும் அண்ணாச்சி ஒருவர் போன மாதம் ஒரு பட்ஜெட் தாளோடு வீட்டுக்கு வந்தார். ஒரு அறக்கட்டளையிடம் ஓராண்டுக்கு 3 லட்சம் ரூபாய் கேட்டு விண்ணப்பம். தாளில் இரண்டே வரி: ஆசிரியர் சம்பளம் 2,40,000, புத்தகம், நோட்டு 60,000.

"ரெண்டு வாத்தியாருக்கு மாசம் பதினஞ்சாயிரம்னா வருஷத்துக்கு 3,60,000 ஆகுதே, மீதி எங்க அண்ணாச்சி? வகுப்பு எங்க நடக்குது, மரத்தடியிலா?" என்றேன்.

"மீதி 1,20,000 நம்ம ஊர்க்காரங்க குடுக்காங்க. ரூம் ஒருத்தர் சும்மா விட்டிருக்காரு. அதையெல்லாம் காட்டினா, உங்கட்டதான் இருக்கேன்னு கேட்டதக் குறைச்சிருவாங்க தம்பி."

இந்தப் பயம் நம்மவர்கள் பலருக்கு உண்டு. என் அனுபவத்தில் நடப்பது நேர் எதிர். கணக்கு இடிக்கிற தாளைப் பார்ப்பவருக்கு, பாதியில் பணம் தீர்ந்து வகுப்பு நின்றுவிடும் என்றுதான் தோன்றும். அண்ணாச்சியின் தாளை இப்படி மாற்றினோம்:

| செலவு | மொத்தம் | கேட்பது | மற்றவர் ரொக்கம் | பொருள், உழைப்பு |
|---|---|---|---|---|
| ஆசிரியர் சம்பளம் | 3,60,000 | 2,40,000 | 1,20,000 | – |
| அறை வாடகை | 1,20,000 | – | – | 1,20,000 |
| புத்தகம், நோட்டு | 60,000 | 60,000 | – | – |
| சனிக்கிழமைத் தொண்டர்கள் | 60,000 | – | – | 60,000 |
| மொத்தம் | 6,00,000 | 3,00,000 | 1,20,000 | 1,80,000 |

ஒவ்வொரு வரியிலும் கடைசி மூன்று கட்டங்களைக் கூட்டினால் மொத்தம் வரவேண்டும். இப்போது பார்ப்பவருக்கு ஒரே பார்வையில் தெரிகிறது: அவர் பாதி, நாம் பாதி.

ரொக்கத்தையும் பொருளையும் ஒரே கட்டத்தில் போடாதீர்கள். மேட்சிங் கேட்கும் சிலர் ரொக்கத்தை மட்டுமே ஏற்பார்கள். அவர்கள் கணக்கில் நம் பங்கு 3 லட்சம் இல்லை, 1,20,000 தான். ரொக்கத்திலும் கையில் வந்தது எவ்வளவு, வாய்வார்த்தையாக இருப்பது எவ்வளவு என்று அடிக்குறிப்பு வேண்டும். அண்ணாச்சியிடம் வங்கியில் இருந்தது 70,000. மீதி 50,000 பொங்கலுக்கு வசூலாக வேண்டியது. அப்படியே எழுதினோம். அதே 1,20,000ஐ வேறொரு அறக்கட்டளையிடமும் நம் பங்கு என்று காட்டக்கூடாது.

தொண்டர் உழைப்புக்கு விலை போடும்போதுதான் கை நீளும். இரண்டு பேர், மூன்று மணி நேரம், 50 சனிக்கிழமை. மொத்தம் 300 மணி நேரம். உள்ளூர் டியூஷன் வாத்தியார் வாங்கும் 200 ரூபாய் கணக்கில் 60,000. "வர்றவங்க சாஃப்ட்வேர் பசங்க தம்பி, மணிக்கு ரெண்டாயிரம் போடலாமே?" என்றார் அண்ணாச்சி. போட்டால் 6 லட்சம். மேலே காட்டிய மொத்த பட்ஜெட்டே அவ்வளவுதான்! செய்கிற வேலைக்குத்தான் விலை. செய்கிறவர் ஆபீசில் என்ன வாங்குகிறார் என்பது இங்கே சேராது.

ஊதிக் காட்டுவதில் கௌரவப் பிரச்சினை மட்டுமல்ல, பணமும் போகும். அமெரிக்க அரசு நிதியிலும் ஐரோப்பிய ஒன்றிய நிதியிலும், விண்ணப்பத்தில் எழுதி அவர்கள் ஏற்றுக்கொண்ட நம் பங்கு ஒரு கடமையாகிவிடலாம். ஒப்பந்தத்தில் "மொத்தச் செலவில் 50 சதவீதம்" என்று இருந்தால், நம் பங்கு நிரூபிக்கப்படாதபோது அவர்கள் பங்கும் சுருங்கும். உள்ளூர் அறக்கட்டளை ஒப்பந்தத்திலும் அந்த வரி இருக்கலாம். கையெழுத்துக்கு முன் தேடிப் பாருங்கள்.

அண்ணாச்சி கணக்கிலேயே பார்ப்போம். அறை உரிமையாளரிடம் கடிதம் வாங்கவில்லை, தொண்டர் வருகைப் பதிவேடு இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். தணிக்கையில் 1,80,000 அடிபடும். ஏற்கப்படும் மொத்தம் 4,20,000. அதில் பாதி 2,10,000. வாங்கிய 3 லட்சத்தில் 90,000 திருப்பித் தரவேண்டும். அந்தப் பணம் எப்போதோ வாத்தியார் சம்பளமாகப் போயிருக்கும். வகுப்பு நடந்தது நிஜம், அறை நிஜம், பிள்ளைகள் நிஜம். ஆனால் தாள் இல்லை.

அதனால் என் கட்சி இது: நம் பங்கைக் கண்டிப்பாகக் காட்டுங்கள், ஆனால் தாள் உள்ளதை மட்டும் கட்டத்தில் போடுங்கள். தீபாவளிக்கு யாரோ தரும் இனிப்பு, ஒருவர் எப்போதாவது கார் ஓட்டி உதவுவது எல்லாம் விளக்கக் குறிப்பில் இரண்டு வரியாக இருக்கட்டும்.

அண்ணாச்சி மறுநாளே அறைக்காரரிடம் கடிதம் வாங்கிவிட்டார். மாதம் 10,000 வாடகை பெறுமானம், ஓராண்டுக்கு இலவசம் என்று தேதியோடு. தொண்டர்களுக்கு ஒரு நாற்பது பக்க நோட்டு: தேதி, வந்த நேரம், போன நேரம், கையெழுத்து. அறக்கட்டளை பதில் இன்னும் வரவில்லை. வந்தாலும் வராவிட்டாலும், தன் வகுப்பு வருஷத்துக்கு 6 லட்ச ரூபாய் வேலை என்று அவருக்கே இப்போதுதான் தெரிந்திருக்கிறது.