விதையை எடுத்தவர்கள் சுண்ணாம்பை விட்டுவிட்டார்கள்

மெசோஅமெரிக்கா பற்றி ஒரு காணொளி போட்டால் அதில் மூன்று சொற்கள் கட்டாயம் வரும்: மர்மம், வேற்றுக்கிரகவாசி, உலக அழிவு. மெக்சிக்கோவின் நடுப்பகுதியிலிருந்து ஹொண்டூராஸ் பக்கம் வரை ஆயிரக்கணக்கான வருசமாக நகரம் கட்டி, பயிர் செய்து, நாளை எண்ணி வாழ்ந்த சனங்களைப் பற்றித்தான் இந்தக் கதை. எனக்கு இந்த ‘மர்மம்’ என்ற சொல்லில் நல்ல கோபம் இருக்கு. ஒரு வேலையை மர்மம் என்று சொல்லிவிட்டால், அதை ஆர் செய்தது, எப்படிச் செய்தது என்று கேட்கத் தேவையில்லாமல் போய்விடும். அவர்களுடைய அறிவின் பெரும்பகுதி அடுப்படியில் இருந்தது. அதிலிருந்தே தொடங்குவோம்.

நாங்கள் அவித்தும் சுட்டும் சாப்பிடுகிற சோளன், காட்டில் தானாக வந்த சாமான் இல்லை. அதன் மூதாதை தியோசிந்தே என்ற ஒரு புல். கதிரில் பத்து மணி அளவில்தான் இருக்கும், ஒவ்வொரு மணிக்கும் கல்லுப் போல ஓடு. ஏறத்தாழ 9,000 வருசத்துக்கு முன்னர் தென்மேற்கு மெக்சிக்கோவின் பல்சாஸ் ஆற்றுப் பள்ளத்தாக்கில் இருந்த ஆக்கள் அந்தப் புல்லில் நல்லதைத் தெரிந்து, விதைத்து, திரும்பவும் தெரிந்து, தலைமுறை தலைமுறையாகச் சோளனாக மாற்றினார்கள். இன்றைய சோளன் மனிதக் கை இல்லாமல் பரவாது. பொத்தி அப்படியே நிலத்தில் விழுந்தால் முளைகள் ஒன்றையொன்று நெரித்துச் செத்துப்போகும்.

ஆனால் பெரிய விசயம் இதற்குப் பிறகுதான் வருகுது. காய்ந்த சோளனை அவர்கள் வெறுமனே அரைக்கவில்லை. ஒரு கிலோ மணிக்கு ஏறக்குறைய பத்துக் கிராம் நீற்றின சுண்ணாம்பைத் தண்ணீரில் கரைத்து, அதில் மணியைக் கொதிக்க வைத்து, இரவு முழுக்க அப்படியே ஊற விடுவார்கள். காலையில் ஒரு மணியை எடுத்து விரலுக்கிடையில் தேய்த்துப் பார்ப்பார்கள். தோல் வழுக்கிக் கழன்றால் பதம் சரி. சுண்ணாம்பு குறைந்தால் தோல் கழராது, மாவும் ஒட்டாமல் உதிரும். கூடினால் கைக்கும். பிறகு நன்றாகக் கழுவி, அம்மி மாதிரியான கல்லில் அரைத்து ரொட்டி தட்டுவார்கள். இந்த முறைக்குப் பெயர் நிஷ்தமால். மெக்சிக்கோவிலும் குவாத்தமாலாவிலும் இன்றும் இதுதான் வழக்கம்.

சோளனில் நயசின் என்ற விற்றமின் இருக்கு, ஆனால் பிணைந்து கிடப்பதால் எங்கட உடம்பால் அதை எடுக்க ஏலாது. சுண்ணாம்புத் தண்ணீர் அந்தப் பிணைப்பை அவிழ்க்கும், கூடவே கல்சியமும் சேரும். வேதியியல் பெயர் ஒன்றும் தெரியாமலே, கை அனுபவத்தால் கண்டுபிடித்த விசயம் இது.

ஸ்பானியர் வந்தார்கள், சோளன் விதையைக் கொண்டுபோனார்கள். சுண்ணாம்பை விட்டுவிட்டுப் போனார்கள். அந்தச் சமையல் முறையைச் சோளனின் ஒரு பகுதியாக ஐரோப்பா எண்ணவே இல்லை. 1735 இல் ஸ்பெயினின் அஸ்தூரியாஸ் பகுதியில் கஸ்பார் கசால் என்ற வைத்தியர், சோளன் தின்கிற ஏழைகளிடம் ஒரு புது நோயைப் பார்த்தார். வெயில் பட்ட தோல் வெடிக்கும், வயிற்றோட்டம் வரும், கடைசியில் புத்தி பேதலிக்கும். வட இத்தாலியில் அது பெருகி, பெலாக்ரா என்று பெயர் வாங்கியது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவின் தென் மாநிலங்களில் ஆயிரமாயிரம் பேர் இதால் செத்தார்கள். ஏதோ தொற்றுநோய் என்றே பலர் நம்பினார்கள். இல்லை, சாப்பாட்டில்தான் குறை என்று காட்டுவதற்காக ஜோசப் கோல்ட்பர்கர் என்ற வைத்தியர் நோயாளியின் இரத்தத்தைத் தன் உடம்பிலேயே ஏற்றிக்கொண்டார். அவருக்கு ஒன்றும் வரவில்லை. குறைந்தது நயசின்தான் என்பது 1937 இல்தான் தெளிவானது.

நியாயமாகச் சொன்னால், சுண்ணாம்பு மட்டும் காரணமில்லை. மெசோஅமெரிக்கர் சோளனோடு அவரையும் பூசணியும் சேர்த்துத் தின்றார்கள். இத்தாலியக் கூலிக்காரனுக்குச் சோளன் கஞ்சியை விட்டால் வேறொன்றும் இல்லை. வறுமையும் சேர்ந்துதான் கொன்றது. ஆனாலும் விதை வந்த ஊரிலேயே அதைச் சமைக்கும் விதம் இருந்தது, கேட்க ஒருத்தரும் நினைக்கவில்லை என்பது உண்மைதானே.

அதே சுண்ணாம்புதான் அவர்களுடைய நகரத்தையும் கட்டியது. வட குவாத்தமாலாவில் இருக்கும் திக்கால் நகரத்தில் ஆறு இல்லை. மழை இல்லாத மாதங்கள் நாலு வரும். நிலத்தின் அடியில் சுண்ணக்கல், ஊற்றுகிற தண்ணீர் கீழே இறங்கிவிடும். அதனால் முற்றங்களையும் கோயில்களையும் சுண்ணாம்புச் சாந்தால் பூசி, தரையைக் கொஞ்சம் சரிவாக விட்டு, விழுகிற மழையை எல்லாம் குளங்களுக்குத் திருப்பினார்கள். நகரமே ஒரு பெரிய பீலி. இதற்கு விலையும் இருந்தது: சுண்ணக்கல்லை நீற்ற விறகு வேண்டும், விறகுக்குக் காடு வேண்டும். ஒன்பதாம் நூற்றாண்டில் வரட்சிகள் வந்தன, போர்களும் இருந்தன. திக்காலில் திகதி பொறித்த கடைசிக் கல் 869 ஆம் ஆண்டுக்குரியது.

திகதி என்றேன். அதுக்குத்தான் வருகிறேன், ஏனென்றால் சோளனுக்கு நடந்ததே நாட்காட்டிக்கும் நடந்தது.

மாயா மக்களிடம் 260 நாள் சுற்று ஒன்று இருந்தது: 20 நாட்பெயர்கள், 13 எண்கள். 365 நாள் வருசம் வேறாக ஓடியது. இரண்டும் ஒரே இடத்தில் திரும்பச் சந்திக்க 52 வருசம் எடுக்கும். அதைவிட நீண்ட காலத்தைக் குறிக்க ஒரே நேராக நாட்களை எண்ணினார்கள். பலென்கே நகர அரசன் பக்கால் இறந்த நாள் 9.12.11.5.18 என்று எழுதப்பட்டிருக்கு. வலது பக்கத்திலிருந்து படியுங்கோ: 18 தனி நாள், 5 இருபதுகள், 100 நாள், 11 தரம் 360, அதாவது 3,960, 12 தரம் 7,200, அதாவது 86,400, 9 தரம் 1,44,000, அதாவது 12,96,000. கூட்டினால் 13,86,478 நாள். தொடக்க நாள் கி.மு. 3114 ஓகஸ்ட். அங்கிருந்து எண்ணினால் கி.பி. 683 ஓகஸ்ட் கடைசியில் வந்து நிற்கும். சாதாரண கூட்டல், பெருக்கல். ஓ/எல் படிக்கிற பிள்ளை செய்யும்.

இந்த எண்ணிக்கையில் முதல் இடம் 13 ஆன நாள்தான் 2012 டிசம்பர் 21. உலகம் முடியப்போகுது என்று படமும் எடுத்துக் காசும் பார்த்தார்கள். ஆனால் அதே பலென்கேயில், பக்காலின் கல்லறைக் கோயிலில் இருக்கும் கல்வெட்டு, அவன் முடிசூடிய நாளின் 80 ஆவது 52 வருசச் சுற்றைக் குறிக்குது. அது வருவது 4772 ஆம் ஆண்டில். 2012 இல் எல்லாம் முடியும் என்று நம்பினவன் 4772 க்குத் திகதி வெட்டுவானா? இலக்கத்தை மட்டும் தூக்கிக்கொண்டு கணக்கை விட்டுவிட்டு வந்தார்கள்.

இதில இன்னொரு வயித்தெரிச்சலும் இருக்கு. 1562 இல் யுகத்தானில் மானி என்ற ஊரில் டியேகோ தெ லாந்தா என்ற ஸ்பானியப் பாதிரியார் மாயா நூல்களை எரித்தார். அப்படித் தப்பாமல் போனவை எத்தனையோ. இன்று கையில் மிஞ்சியிருப்பது நாலே நாலு. நூலை எரித்துவிட்டுப் பிறகு ‘மர்மம்’ என்றால் எப்படி?

‘மறைந்துபோன மாயா’ என்பதும் பிழை. பல இலட்சம் பேர் இன்றும் மாயா மொழிகள் பேசுகிறார்கள். குவாத்தமாலா மலைநாட்டில், மொமோஸ்தெனாங்கோ பக்கத்து கிச்சே மக்களிடம் நாள் எண்ணுவதற்கென்றே பயிற்சி பெற்ற ஆணும் பெண்ணும் இருக்கினம், அஜ்கீஹ் என்பார்கள். 260 நாள் சுற்றை அவர்கள் ஒரு பிள்ளை வயிற்றில் இருக்கும் காலத்தோடு சேர்த்துச் சொல்கிறார்கள். ‘8 பாட்ஸ்’ என்ற நாள் வரும்போது புதிதாகப் பயிற்சி முடித்தவர்கள் பொறுப்பை ஏற்பார்கள், அடுத்த நாளிலிருந்து எண்ணிக்கை தொடரும்.