சோதனை போனால் படிப்பும் போகுமா?

2021-இல் யூபிஎஸ்ஆர் சோதனையை அகற்றிய பிறகு பிள்ளைகள் புத்தகத்தையே தொடுவதில்லை, சோதனையைத் திரும்பக் கொண்டுவர வேண்டும் என்கிறார் ஈப்போ நண்பர் ஒருவர். சோதனை போனதும் மூடிவிடும் புத்தகத்தை, சோதனை இருந்தபோது மட்டும் உண்மையாகவா படித்தார்கள்? சோதனைக்காக மட்டும் படிப்பதில்லை: பேராக்கில் ரப்பரை வெட்டிச் செம்பனை நட்டபோது, பால்மரம் சீவிய கைகள் வேறு தொழில் கற்க வேண்டியிருந்தது. அதற்கு யாரும் மாதிரி வினாத்தாள் தரவில்லை.

சோதனை இல்லாமலும் படிக்கும் பழக்கம் வர, வகுப்பில் இப்படிச் செய்து பார்க்கலாம். கருத்துணர்தல் விடைகளை ஆசிரியர் திருத்தும் முன், எந்த விடையில் சந்தேகம் என்று மாணவரே பென்சிலில் குறிக்கட்டும். குறிக்காமல் விட்டதில் தவறு வந்தால் அங்கேதான் பாடம்: தெரியும் என்று நம்பியது தெரியாமல் இருந்திருக்கிறது. பள்ளி முடிந்தபின் எதைப் படிப்பது என்பதை அந்தப் பழக்கம்தான் காட்டிக்கொடுக்கும். பெரிய வகுப்பில் இதற்கு நேரம் போதாது, உண்மைதான். ஆனால் பிள்ளைகள் குறைந்துவிட்டார்கள் என்று நாம் புலம்பும் தோட்டப் பள்ளிகளில் நாளைக்கே தொடங்கலாம்.