தனிய இருக்கேக்க சரி, துணையோட மட்டும் ஏன் பிழைக்குது?

எங்கட பேப்பர்களில் ஒரு விளம்பரம் கனகாலமாக வருகிறது. ஆண்மைக் குறைவு, நரம்புத் தளர்ச்சி, இளவயதுத் தவறு எண்டு நாலைந்து சொல்லு, கீழே ஒரு போன் நம்பர். இப்ப அது பேஸ்புக்கில் வீடியோவாகவும் வருகிறது. கதை எப்பவும் ஒண்டுதான். சின்ன வயதில் சுயஇன்பம் செய்து நரம்பு தளர்ந்துவிட்டது, அதனால்தான் மனைவியோடு இருக்கும்போது விறைப்பு வருவதில்லை, இந்த லேகியத்தைச் சாப்பிட்டால் எல்லாம் சரி.

இந்தக் கதையை நம்பிப் போன் எடுக்கிற இளம் ஆண்கள் பலருக்கு ஒரு விசயம் பொதுவாக இருக்கும். தனிய இருக்கும்போது அவர்களுக்கு ஒரு பிரச்சினையும் இல்லை. விடிய எழும்பும்போதும் விறைப்பு இருக்கும். துணையோடு இருக்கும்போது மட்டும்தான் வராமல் போகும், அல்லது வந்து இடையில் போய்விடும். நரம்பு தளர்ந்திருந்தால் தனிய இருக்கேக்கயும் தளர்ந்துதானே இருக்கவேணும்? இரத்தக் குழாய்க்கு அறைக்குள்ள எத்தினை பேர் எண்டு எண்ணத் தெரியாது.

வெட்கப்பட்டு மறைக்கிற இந்த வித்தியாசத்தைத்தான் மருத்துவர் முதலில் கேட்டு அறிவார். அதிலிருந்து எவ்வளவு தெரிந்துகொள்ளலாம் என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் நித்திரையை எடுப்பம். ஆரோக்கியமான ஆண் ஒருவருக்கு இரவில் மூன்று தொடக்கம் ஐந்து தடவை தானாக விறைப்பு வரும். கனவு காணுகிற நித்திரைக் கட்டத்தோடு அது சேர்ந்து வரும். கனவு காமக்கனவாக இருக்கவேண்டியதில்லை. விடிய எழும்பும்போது இருப்பது பெரும்பாலும் அந்த வரிசையில் கடைசி. ஆகவே அது இருக்கிறது எண்டால் இரத்தம் உள்ளே போகிற வழி, அதைப் பிடித்து வைக்கிற அமைப்பு, முள்ளந்தண்டிலிருந்து வருகிற நரம்பு, ஹோர்மோன் எல்லாம் அடிப்படையில் வேலை செய்கின்றன என்று அர்த்தம். காவலுக்கு நிற்கிற மனம் நித்திரையில் இல்லை என்பதுதான் வித்தியாசம்.

காவல் எண்டு சும்மா சொல்லவில்லை. உறுப்பு சோர்ந்திருப்பதை ஓய்வு எண்டும் விறைப்பை முயற்சி எண்டும் நாங்கள் நினைக்கிறோம். உடம்பில் நடப்பது ஏறக்குறைய எதிர்மாறு. சாதாரண நேரத்தில் ஆண்குறிக்குள் இருக்கிற மெல்லிய தசைகள் சுருங்கியே இருக்கும், இரத்தம் கொஞ்சமாகத்தான் உள்ளே போகும். அந்தத் தசைகள் தளர்ந்தால்தான் இரத்தம் நிறைந்து விறைப்பு வரும். சுருக்கி வைத்திருப்பதில் பெரிய பங்கு நோர்அட்ரினலினுக்கு. பயப்படும்போதும் அவசரப்படும்போதும் உடம்பு கூடுதலாக வெளியிடுவதும் இதைத்தான்.

இதை ஒருவர் கொஞ்சம் அதிகமாகவே நிரூபித்துக் காட்டினார். 1983இல் அமெரிக்காவின் லாஸ் வேகாஸில் நடந்த சிறுநீரகவியல் மருத்துவர் கூட்டமொன்றில், ஜைல்ஸ் பிரிண்ட்லி என்ற பிரித்தானிய உடற்றொழிலியல் ஆய்வாளர் பேச வந்தார். வருவதற்கு முதல், அந்தத் தசைகளைத் தளர்த்துகிற மருந்தைத் தனக்கே ஊசியாக ஏற்றியிருந்தார். பேச்சின் நடுவில் காற்சட்டையை இறக்கி விளைவைச் சபைக்குக் காட்டினார். சபையிலிருந்தவர்கள் அதிர்ந்துபோனார்கள். ஆனால் அவர் சொல்லவந்தது சரியாகப் போய்ச் சேர்ந்தது. கூட்டத்தில் விரிவுரை நடத்துவது யாருக்கும் காமம் தருகிற விசயம் அல்ல. தசை தளர்ந்தது, விறைப்பு வந்தது, அவ்வளவுதான். இதையே திருப்பிப் பார்த்தால், ஆசை எவ்வளவு இருந்தாலும் தசை தளராவிட்டால் விறைப்பு வராது. "முயற்சி செய்" எண்டு தன்னைத்தானே அதட்டுகிறவர் கதவை உள்ளுக்குள் நின்று தள்ளிப் பூட்டுகிறார்.

இனி ஒரு ஆளைக் கற்பனை செய்வம். வயது 29, வெளிநாட்டில் வேலை, மூன்று கிழமை லீவில் வந்து பேசிச் செய்த கலியாணம். பெண்ணோடு நாலு மாதம் போனில் கதைத்திருக்கிறார், பிடித்தும் இருக்கிறது. முதல் இரவு பெண் வீட்டில். ஹோலில் சொந்தக்காரர் பாய் போட்டுப் படுத்திருக்கினம், கட்டில் சத்தம் போடும், நாள் முழுக்க நின்ற களைப்பு வேறு. விறைப்பு வந்தது, இடையில் போய்விட்டது. இவ்வளவும் சேர்ந்தால் யாருக்கும் நடக்கக்கூடியது.

இரண்டாம் இரவு வேறு. இப்ப அவர் மனைவியைத் தொடும்போது மனதின் பாதி கீழே பார்த்துக்கொண்டிருக்கிறது. "வருதா? போதுமா? போகுதா?" மூன்றாம் இரவு தைரியத்துக்கு இரண்டு பெக் அடித்துவிட்டு வருகிறார். மதுவும் விறைப்பைக் குறைக்கிற பொருள்தான், அதனால் இன்னும் மோசம். நாலாம் இரவு "தலையிடி" எண்டு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுக்கிறார். ஆனால் குளியலறையில் தனிய இருந்து சோதித்துப் பார்த்தால் எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது. அது அவருக்கு ஆறுதலாக இல்லை. "அப்ப எனக்கு அவளோடதான் ஏலாதோ?" எண்டு பயம் கூடுகிறது. அந்தப் பக்கம் அவ, "என்னைப் பிடிக்கேல்லைப் போல" எண்டு முடிவெடுத்துவிட்டா.

மாஸ்டர்ஸ், ஜோன்சன் என்ற இருவர் 1970இல் வெளியிட்ட தங்கள் நூலில் இந்த நிலையை விவரித்தார்கள். ஆள் பங்கெடுப்பவராக இல்லாமல் தன்னைத் தானே பார்க்கிற பார்வையாளராக மாறிவிடுகிறார் என்பது அவர்கள் சொன்னதன் சாரம். 1980களில் டேவிட் பார்லோ என்ற உளவியலாளரும் அவரோடு சேர்ந்தவர்களும் இதைச் சோதனைச்சாலையில் பார்த்தார்கள். ஆண்களுக்குக் காமக் காட்சி காட்டி, விறைப்பை ஒரு கருவியால் அளந்துகொண்டே, மின்னதிர்ச்சி கொடுப்போம் எண்டு மிரட்டினார்கள். பிரச்சினை இல்லாத ஆண்களுக்கு விறைப்புக் குறையவில்லை, சிலவேளை கூடியது. பிரச்சினை உள்ளவர்களுக்குக் குறைந்தது. ஆகப் பயம் மட்டும் காரணம் அல்ல, அந்தப் பயம் கவனத்தை எங்கே கொண்டுபோகிறது என்பதுதான் முக்கியம். ஒருவருடைய கவனம் சுகத்தில் நிற்கிறது, மற்றவருடையது தோல்வியில் நிற்கிறது. தனிய இருக்கும்போது தோல்வியைப் பார்க்க யாரும் இல்லை, ஆகவே கவனமும் அங்கே போவதில்லை.

என்னுடைய கோபம் இங்கேதான். இந்தப் பரீட்சையைக் கட்டி வைத்திருப்பது நாங்கள். ஹொஸ்டல் பகிடிகளில் "ஏலாதவன்" எண்டதைவிடப் பெரிய அவமானம் இல்லை. கலியாணம் முடிந்து மூன்றாம் மாதமே "விசேசம் ஒண்டும் இல்லையோ" எண்டு கேட்கிறோம். பிறகு அதே பயத்துக்கு லேகியமும் விற்கிறோம். அந்த லேகியம் சிலருக்கு உடனே வேலை செய்வதற்கும் காரணம் இருக்கலாம். "இயற்கை மூலிகை" எண்டு விற்கிற இப்படியான பொருட்களுக்குள் சில்டெனபில், அதாவது வயாகராவின் மருந்து, இரகசியமாகக் கலந்திருந்ததை அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனம் பலமுறை கண்டுபிடித்திருக்கிறது. நெஞ்சு நோவுக்கு நைட்ரேட் குளிசை பாவிக்கிற ஒருவர் அதைத் தெரியாமல் சாப்பிட்டால் இரத்த அழுத்தம் ஆபத்தான அளவுக்கு இறங்கும்.

ஆனால் "தனிய சரி, ஆகவே எல்லாம் மனப்பயம்" எண்டு நாங்களே தீர்ப்பு எழுதவும் கூடாது. ஒரே வகைப் படங்களுக்கும் ஒரே வகை இறுக்கத்துக்கும் பழகிய உடம்பு, துணையின் தொடுகைக்கு மெதுவாகப் பதில் சொல்லலாம். சிலருக்கு அந்தத் துணைமேல் ஆசையே இல்லை. வீட்டார் சொல்லுக்காகக் கலியாணம் செய்த, பெண்கள்மேல் ஈர்ப்பு இல்லாத ஆண்களும் எங்கள் ஊர்களில் இருக்கிறார்கள். அவர்களுக்கு வேண்டியது சிகிச்சை அல்ல, பயமில்லாமல் உண்மையைச் சொல்ல ஒரு இடம்.

உடம்புக் காரணத்தைச் சந்தேகிக்க வேண்டிய அடையாளமும் உண்டு. திடீரெண்டு ஒரு சம்பவத்தோடு தொடங்காமல் மாதக்கணக்கில் மெல்லமெல்லக் கூடி வருவது, விடியற்கால விறைப்பும் குறைவது, தனிய இருக்கும்போதும் முன்னையைப்போல் இல்லாதது. அப்படியெண்டால் சீனி, பிரஷர், கொலஸ்ட்ரோல் பார்க்கவேணும். ஆண்குறிக்குப் போகிற இரத்தக் குழாய் இருதயத்தின் குழாயைவிடச் சிறியது. ஆகவே அடைப்பு முதலில் இங்கே தெரியலாம். மனச்சோர்வுக்குக் குடிக்கிற சில மருந்துகளும் காரணமாகலாம், அதை டொக்டரைக் கேட்காமல் நிறுத்தக்கூடாது.

எங்கள் 29 வயதுக்காரருக்கு என்ன வழி? மாஸ்டர்ஸ், ஜோன்சன் தந்த வழி இன்றும் பாவனையில் இருக்கிறது. அதன் முதல் விதி கொஞ்சம் விசித்திரமானது: உடலுறவு தடை. இருவரும் ஒத்துக்கொண்டு, கொஞ்ச நாளைக்கு அது நடக்காது எண்டு முடிவெடுக்கினம். ஒருவர் மாறி ஒருவர் தொடுகினம், முதலில் மார்பும் பாலுறுப்பும் தவிர்த்து, விறைப்பு வருதா எண்ட கேள்வியே இல்லாமல். பிறகு அந்த இடங்களும் சேரும். அடுத்த கட்டம்தான் முக்கியம். விறைப்பு வந்தால் வேணுமெண்டே நிறுத்திப் போக விடுகினம், திரும்பத் தொடங்குகினம், அது திரும்ப வருகிறது. "ஒருக்காப் போனால் முடிஞ்சுது" எண்ட பயம் அப்படித்தான் உடைகிறது. உடலுறவு கடைசியில், அவசரமில்லாமல். சிலருக்கு டொக்டர் இதோடு சேர்த்துக் கொஞ்சக் காலத்துக்குக் குளிசையும் தருவார். அதுவும் ஆசை இருந்தால்தான் வேலை செய்யும், ஆசையை அது உண்டாக்காது.

இதற்கெல்லாம் முன்னால், சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருக்கிறவர் ஒரு வசனம் சொல்லவேணும்: "எனக்கு உம்மைப் பிடிக்கும், பயத்திலதான் இப்பிடி ஆகுது." அதைக் கேட்டால் அவ எடுத்து வைத்திருந்த முடிவு அப்போதே மாறலாம். பார்க்கிற கண் ஒண்டு குறைந்தாலே அவருக்கும் பாதிப் பாரம் இறங்கும்.